தாயம் விழாத பத்துச் சுற்று

போன கோடை விடுமுறையில் அம்மா வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்து தாயம் ஆடினோம். அம்மா, அக்கா, அக்காவின் ஒன்பது வயது மகன், நான். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அம்மாவின் பழைய பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டினோம். மூன்றாவது சுற்றுக்குள் பெரியவர்கள் மூவருக்கும் தாயம் விழுந்துவிட்டது. பையனுக்கு மட்டும் விழவேயில்லை. பத்துச் சுற்று கடந்தும் அவனுடைய காய்கள் கட்டத்துக்கு வெளியே கிடந்தன. கட்டையை வாங்குவான், உருட்டுவான், மூன்றோ நாலோ விழும், அடுத்தவரிடம் கொடுப்பான். கடைசியில், "மாமா, நான் ஆடவே இல்லையே, எப்படித் தோத்தேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

சில வருடங்களாக மாலை நேரங்களில் பலகை விளையாட்டுகளை வடிவமைத்துப் பார்ப்பது என் பழக்கம். விளையாட்டு வடிவமைப்பின் ஆகப் பெரிய சிக்கலை அந்தப் பையன் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டதாக எனக்குத் தோன்றியது. அதிர்ஷ்டம் அதிகமாகிப்போனது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே கட்டையை உருட்டிய அம்மா ஒவ்வொரு முறையும் நெற்றியைச் சுருக்கி யோசித்துத்தான் காயை நகர்த்தினார். ஒரே பலகையில் ஒருவருக்கு அது யோசனை ஆட்டமாகவும் இன்னொருவருக்கு வெறும் காத்திருப்பாகவும் எப்படி ஆனது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தாயக்கட்டை நீளமானது, நான்கு பக்கம் கொண்டது. ஒரு பக்கம் வெறுமை. மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒரு கட்டை வெறுமையாகவும் மற்றது ஒன்றாகவும் விழுந்தால்தான் தாயம். அது 16-இல் 2 விதத்தில் நடக்கும். மூன்று விழ 4 வழி உண்டு, இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று வழி, ஐந்துக்கு 2. ஆறுக்கு ஒரே வழி. இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒரே வழி.

எங்கள் வீட்டு விதிப்படி தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு உருட்டு உண்டு. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். இங்கே நான் எங்கள் விதியை வைத்தே பேசுகிறேன். மறு உருட்டுகளையும் சேர்த்தால், ஒருவர் தன் முறையில் ஒரு தாயமாவது போட ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு. கேட்பதற்கு மோசமாக இல்லை. ஆனால் பத்து முறையும் ஒருவருக்குத் தாயம் விழாமல் போக ஏறக்குறைய 16 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நான்கு பேர் ஆடினால் அவர்களில் ஒருவராவது பத்துச் சுற்று முடிந்தும் வெளியே உட்கார்ந்திருக்க வாய்ப்பு ஏறக்குறையப் பாதி. பையனுக்கு அன்று நடந்தது அபூர்வமான துரதிர்ஷ்டம் இல்லை. இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றில் யாருக்கோ அது நடக்கத்தான் செய்யும்.

வடிவமைப்பாளர் பழக வேண்டிய முதல் பார்வை இதுதான். ஒரு முறைக்கான வாய்ப்பை மட்டும் பார்த்தால் ஆட்டம் நியாயமாகத் தெரியும். எல்லாரையும் எல்லாச் சுற்றுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், ஒரு குழந்தை எழுந்து போகும் இடம் தெரியவரும்.

இப்போது அம்மா பக்கம் வருவோம். கட்டத்துக்குள் காய்கள் இறங்கியபின் தாயத்தின் குணமே மாறிவிடுகிறது. ஐந்து விழுகிறது, மறு உருட்டில் தாயம், அடுத்ததில் மூன்று. கையில் இப்போது ஐந்து, ஒன்று, மூன்று என்று மூன்று எண்கள். இவற்றைத் தன் நான்கு காய்களுக்கு அவர் எப்படி வேண்டுமானாலும் பங்கிடலாம். கணக்குப்படி 64 வழிகள். பாதிக்கு மேல் உதவாதவை என்றாலும், ஒரு காயை வெட்டுவதா, மாட்டிக்கொண்ட தன் காயைத் தப்பவைப்பதா, புதுக்காயை இறக்குவதா என்று நிஜமான தேர்வுகள் மூன்று நான்கு மிஞ்சும். அதிர்ஷ்டம் முதலில் வந்து பேசி முடித்துவிட்டது. அதன்பின் முடிவு ஆடுபவர் கையில்.

பரமபதத்தில் இந்த இரண்டாம் பாதி கிடையாது. நாலு விழுந்தால் நாலு கட்டம். ஏணியோ பாம்போ, நாம் செய்ய ஒன்றுமில்லை. இத்தனைக்கும் பரமபதமும் தாயக்கட்டையில் ஆடக்கூடியதுதான். கட்டை ஒன்று, எண்களின் விகிதம் ஒன்று. ஆக, விளையாட்டில் எவ்வளவு அதிர்ஷ்டம் இருக்கிறது என்பதைக் கட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உருட்டியபின் என்ன செய்யக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை அதிர்ஷ்டமும் தாயத்தில் உண்டு. நாம் முடிவெடுத்து முடித்தபின் வருவது அது. அம்மா தன் காயை எதிரிக் காய்க்கு முன்னால் நிறுத்தும்போது ஆறு கட்டம் தள்ளி நிற்கவே பார்ப்பார். "மூணுல நின்னா வெட்டுப்படுவ, ஆறுல நின்னா பொழைச்ச" என்பார். அவர் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. அறுபது வருடம் ஆடிய பழக்கம். ஆனால் கணக்கு அவர் பக்கம்தான். நேராக ஒரே உருட்டில் மூன்று விழ 16-இல் 4 வாய்ப்பு, ஆறு விழ 1. நான்கு மடங்கு வித்தியாசம். மறு உருட்டுகளில் எண்களைக் கூட்டி வெட்டும் வழிகளைச் சேர்த்தாலும் ஆறுதான் பாதுகாப்பு. முடிவுக்குப் பின்னால் வரும் அதிர்ஷ்டம் வெறுப்பூட்டும் என்று வடிவமைப்பாளர்கள் பலர் அஞ்சுவார்கள். அபாயத்தை முன்கூட்டியே எடைபோட முடிந்தால் அதிலும் திறமைக்கு இடம் உண்டு என்பதற்கு அம்மாவின் ஆறு கட்டமே சாட்சி. வெட்டுப்பட்டாலும் "நான் மூணுல நின்னிருக்கக் கூடாது" என்று சொல்ல முடிகிறதல்லவா, அது போதும். தாயத்துக்காகக் காத்திருந்த பையனால் அப்படி எதையும் சொல்ல முடியவில்லை.

இதே சிக்கலை ஜெர்மனியில் ஒருவர் வேறு விதமாகக் கையாண்டார். டார்ம்ஸ்டாட் நகருக்குப் பக்கத்தில் செயற்கைப் பல் செய்யும் ஆய்வுக்கூடம் நடத்திவந்த கிளவுஸ் டாய்பர், 1995-இல் 'கட்டான்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான ஜெர்மன் விருதும் அதற்குக் கிடைத்தது. தீவு ஒன்று, அறுகோண நிலத்துண்டுகள் 19. பாலைவனம் தவிர ஒவ்வொரு நிலத்திலும் ஓர் எண். சாதாரணமான ஆறுபக்கப் பகடைகள் இரண்டை உருட்டுவார்கள். விழும் கூட்டுத்தொகை எந்த நிலத்தின் எண்ணோ, அதை ஒட்டி வீடு கட்டியவருக்கு அந்த நிலத்தின் விளைச்சல் கிடைக்கும். உருட்டியது யார் என்பது பொருட்டில்லை. பக்கத்து ஆள் உருட்டினாலும் எனக்குத் தானியம் வரலாம்.

இதில் உள்ள நுட்பமான வேலை, எண் வில்லைகளின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் அச்சிட்டது. 36 வழிகளில் அந்த எண் எத்தனை வழியில் விழும் என்பதை அவை காட்டும். எட்டுக்கு 5 புள்ளி, பன்னிரண்டுக்கு ஒன்று. பள்ளிக் கணக்கு மறந்தவரும் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து எங்கே வீடு கட்டலாம் என்று முடிவெடுக்கலாம். அம்மா அறுபது வருடத்தில் பெற்ற அறிவை, முதல்முறை ஆடுபவரின் கையில் கொடுத்துவிடும் ஏற்பாடு அது.

ஆனால் புள்ளிகள் வாக்குறுதி தருவதில்லை. எட்டில் வீடு கட்டியவருக்கு முதல் 12 உருட்டில் ஒரு எட்டுகூட விழாமல் போக ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. நான்கு பேர் ஆட்டத்தில் அது மூன்று முழுச் சுற்று. தொடக்கத்தில் மூன்று சுற்று விளைச்சல் இல்லாதவர் சாலை போட முடியாமல் நிற்பார். நல்ல இடங்களை மற்றவர்கள் பிடித்துவிடுவார்கள். பிறகு எட்டு தொடர்ந்து விழுந்தாலும் பயன் குறைவு. முன்னதாக வந்தவர் மேலும் மேலும் பெருகும் ஆட்டங்களில், ஆரம்பத்து அதிர்ஷ்டம் கடைசி அதிர்ஷ்டத்தைவிடப் பல மடங்கு கனமானது. தாயத்தில் நுழைவு தாமதமாவதும் இதே நோய்தான்.

அப்படியானால் பகடையை எடுத்துவிட்டுச் சீட்டு வைத்தால் என்ன? கட்டானுக்கே அப்படி ஒரு சீட்டுக்கட்டு வந்தது. இரண்டு பகடையின் 36 வழிகளுக்கு 36 சீட்டுகள். ஐந்து எட்டு, ஒரு பன்னிரண்டு என்று அதே விகிதம். பகடைக்கு ஞாபகம் கிடையாது. ஏழு முறை எட்டு விழாவிட்டாலும் எட்டாவது முறைக்கு அதே வாய்ப்புதான். சீட்டுக்கு ஞாபகம் உண்டு. எட்டு வராமல் போகப் போக, மிச்சக் கட்டில் எட்டின் பங்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

இது எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. முதல் 12 முறையில் எட்டே வராமல் போகும் வாய்ப்பு பகடையில் 17 சதவீதம், சீட்டில் 11. அவ்வளவுதான். ஆனால் 31 முறையும் எட்டே வராமல் போவது பகடையில் நூறு ஆட்டத்துக்கு ஒருமுறை நடக்கும். சீட்டில் நாலு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். சீட்டு நீண்ட வறட்சியை அறவே ஒழிக்கும், குறுகிய வறட்சியை ஓரளவே குறைக்கும். ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஆரம்பத்துக் குறுகிய வறட்சி என்பதால், சீட்டுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது தப்பு.

சீட்டின் ஞாபகத்தால் வேறொரு தொல்லையும் உண்டு. கட்டு தீரும் தறுவாயில், எண்ணி வைத்திருப்பவருக்கு மிச்சம் என்னவென்று தெரிந்துவிடும். ஆட்டம் எண்ணும் வேலையாகச் சுருங்கும். அதனால்தான் அந்தக் கட்டில் புத்தாண்டுச் சீட்டு என்று ஒன்றை அடியிலிருந்து ஐந்து சீட்டுக்கு மேல் வைக்கிறார்கள். அது வந்ததும் மிச்ச ஐந்தைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் திரும்பக் குலுக்கிவிடுவார்கள்.

குறுகிய வறட்சிக்கும் மருந்து சீட்டில் இருக்கிறது. அதற்குக் கட்டைக் கூறுபோட வேண்டும். இதை மிக அழகாகச் செய்தது, அமெரிக்கரான மாட் லீகாக் வடிவமைத்து 2008-இல் வெளியான 'பாண்டமிக்'. ஆடுபவர்கள் எல்லாரும் ஒரே அணியாக நின்று உலக நகரங்களில் பரவும் நோய்களை அடக்க வேண்டும். வரைபடத்தில் சென்னையும் உண்டு. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தாவுக்கு அங்கிருந்து கோடுகள் போகும்.

ஆடுபவர் எடுக்கும் கட்டில் கொள்ளைநோய்ச் சீட்டுகள் ஒளிந்திருக்கும். நால்வர் நடுத்தரக் கடினத்தில் ஆடும்போது அவை ஐந்து. ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுத்தபின் மிஞ்சும் 45 சீட்டுகளோடு இந்த ஐந்தையும் சும்மா கலந்துவிட்டால், முதல் பத்துச் சீட்டில் ஒன்றுமே வராத ஆட்டங்கள் பத்துக்கு மூன்று இருக்கும். அவை சப்பென்று தொடங்கும். வேறு சில ஆட்டங்களில் இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்து, யாரும் எழும்புவதற்குள் உலகம் முடிந்துவிடும். லீகாக்கின் விதியில் 45 சீட்டையும் ஒன்பது ஒன்பதாக ஐந்து கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் ஒரு கொள்ளைநோய்ச் சீட்டைக் கலந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இப்போது ஒவ்வொரு பத்துச் சீட்டுக்குள்ளும் ஒன்று நிச்சயம். எப்போது என்பது மட்டும் தெரியாது. ஒரு கூறின் கடைசியிலும் அடுத்த கூறின் முதலிலும் விழுந்தால் இரண்டும் ஒட்டி வந்து அடிக்கவும் கூடும். திகில் அப்படியே இருக்கிறது, ஓரங்கள் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. முறைக்கு இரண்டு சீட்டு எடுப்பதால் ஒரு கூறு ஐந்து முறைக்குத் தாங்கும். கவனமாக ஆடுகிறவர்கள், "இந்தக் கூறில் இன்னும் வரவில்லை, மிச்சம் நாலே சீட்டு" என்று எண்ணி அதற்கேற்ப ஆட்களை நிறுத்துவார்கள். இங்கே எண்ணுவதே திறமை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் தாயத்தின் நுழைவைத் திருத்தப் பார்த்தேன். சீட்டுக்கட்டு யோசனையை முதலிலேயே கைவிட்டேன். பித்தளைக் கட்டை உருளும் சத்தம் இல்லாமல் தாயம் ஆட அம்மா சம்மதிக்க மாட்டார், நானும்தான். மறு உருட்டு கொடுக்கும் எல்லா எண்ணுக்கும் காயை இறக்கலாம் என்று விதியைத் தளர்த்தினால் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் தாயம் என்று கத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. எட்டில் ஒரு பங்காக இருந்த அபூர்வம்தான் அந்தக் கூச்சலுக்குக் காரணம்.

கடைசியில் புளியங்கொட்டையில் வந்து நின்றேன். கட்டத்தில் ஒரு காய்கூட இல்லாதவர், தாயம் விழாத ஒவ்வொரு முறைக்கும் ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து சேர்ந்தால் அவற்றைக் கொடுத்து ஒரு காயை இறக்கலாம். அதற்கு மறு உருட்டு கிடையாது. ஐந்து முறையும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு 40 சதவீதம். எனவே பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் தாயம் போட்டே நுழைவார்கள், கூச்சல் பிழைத்தது. யாரும் ஐந்து முறைக்கு மேல் வெளியே உட்கார வேண்டியதுமில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று கொட்டையோடு தாயம் போட்டு நுழைந்தவருக்கு அவை வீணாகின்றனவே என்று, ஒரு கொட்டை கொடுத்தால் விழுந்த எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்று சேர்த்தேன். துரதிர்ஷ்டத்தையே தேர்வாக மாற்றிவிட்டோம் என்று மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டே ஆட்டத்தில் அம்மா முகம் சுளித்தார். "ஆறுல நின்னாலும் வெட்டுறானே, அப்புறம் எதுக்கு எண்ணி நிக்கணும்?"

அவர் சொன்னது சரி. ஒன்று கூட்ட முடிந்தால் ஆறு கட்டம் தள்ளி நிற்கும் காயை ஐந்து விழுந்தும் வெட்டலாம். வாய்ப்பு 16-இல் 1 என்பதிலிருந்து 3 ஆகிறது. மூன்று கட்டம் தள்ளி நிற்பதற்கு 4-இலிருந்து 7. நான்கு மடங்காக இருந்த வித்தியாசம் இரண்டு சொச்சமாகக் கரைந்துவிட்டது. வெட்டுபவருக்கு நான் கொடுத்த கட்டுப்பாடு, ஒதுங்கி நிற்பவரின் திறமையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆடுபவருக்கு அதிகாரம் கூடினால் ஆட்டத்தில் திறமையும் கூடும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது விதி இப்படி: கொட்டையால் கூட்டிய எண்ணைக் கொண்டு வெட்ட முடியாது. தப்பிக்கவும் பழம் சேர்க்கவும் மட்டுமே பயன்படும்.

ஒரு விதி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் பயன்படுத்தும் சோதனை எளிது. இருவர் ஆட்டத்தில், ஒருவர் வழக்கம்போல யோசித்து ஆடுவார். மற்றவர் யோசிக்கவே கூடாது. எது விழுந்தாலும் முன்னால் இருக்கும் காயையே நகர்த்த வேண்டும். அவரும் சரிபாதி ஜெயித்தால் ஆட்டத்தில் திறமைக்கு வேலையே இல்லை. இதில் அவசரப்பட்டு ஏமாறுவது சுலபம். 30 ஆட்டத்தில் யோசித்தவர் 18 ஜெயித்தால் விதி பலித்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் திறமையே இல்லாமல், காசு சுண்டினாலும் ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை ஒருவருக்கு 18-ஓ அதற்கு மேலோ கிடைக்கும். நூறில் அறுபது ஜெயித்தால்தான் ஓரளவு நம்பலாம். நூறு ஆட்டம் தாயம் ஆட யாருக்கும் நேரமில்லை. எனவே வெற்றியை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு முறையும் ஆடியவருக்கு உண்மையில் இரண்டு வழியாவது இருந்ததா என்று ஒரு தாளில் கோடு போட்டு வருகிறேன். ஒரே ஆட்டத்தில் அறுபது எழுபது கோடு கிடைத்துவிடும். கோடு விழாத வரிசை எங்கே நீள்கிறதோ, அங்கே யாரோ சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

குடும்பத்தோடு ஆடும் ஆட்டத்தில் யோசிப்பவர் எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஒன்பது வயதுப் பையன் அம்மாவை நாலில் ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும், அதற்குக் கட்டை உதவ வேண்டும். சதுரங்கத்தில் அது நடக்காது.

பொங்கலுக்கு அவர்கள் திரும்ப வந்தபோது புது விதியோடு ஆடினோம். நாலு முறை தாயம் விழாமல் நாலு கொட்டை சேர்த்து வைத்திருந்தான். ஐந்தாம் முறை தாயம் விழுந்தது. கத்தினான். பிறகு காயை இறக்கிவிட்டு, கையிலிருந்த நாலு கொட்டையையும் அம்மாவின் காய்கள் நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, இத இப்பவே செலவழிக்கணுமா, வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்டா."

"அப்ப கொஞ்சம் இருங்க" என்றான், கட்டையைத் தொடாமல்.